பஸ்சில் உங்கள் பெயரைச் சொல்வது யார்?

"என்ன செல்வி, இன்றைக்கு லேட்டா?"

பின் சீட்டில் இருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஆசாமி! அவனுக்குப் பெயர் எப்படித் தெரிந்தது? அடையாள அட்டை கைப்பைக்குள் இருக்கிறது. தோழிகள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பெயரைச் சொன்னது அவள் கையில் இருக்கும் செல்போன்தான்!

செல்வி என்பது நான் வைத்த பெயர். ஆனால் இப்படி நடக்கக் கூடியது நிஜம். பிள்ளைப்பாக்கம் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பஸ்சில் உட்கார்ந்து, செல்போனில் வைபை பட்டியலைத் திறந்து பாருங்கள். பெயர்கள் வரிசையாக வரும். சிலவற்றில் ஆளின் பெயரே இருக்கும். பிறந்த வருஷத்தையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? நமது செல்போனில் உள்ள நெட்டை இன்னொருவருக்குக் கொடுக்க "ஹாட்ஸ்பாட்" போடுகிறோம் அல்லவா? அது போட்டிருக்கும் வரை, செல்போன் தன் பெயரை ஒரு வினாடிக்குப் பத்துத் தடவை போலச் சுற்றிலும் கூவிக்கொண்டே இருக்கும். சந்தையில் கூவி விற்பவர் போலத்தான். பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் பெயரைப் படிக்க பாஸ்வேர்டு வேண்டாம்!

புளூடூத் கொஞ்சம் அடக்கம். இப்போதைய செல்போன்களில் பெரும்பாலும், புளூடூத் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போதுதான் அடுத்தவருக்குப் பெயர் தெரியும். ஆனால் காதில் மாட்டும் கருவியை இணைக்க அந்தப் பக்கத்தைத்தானே திறக்கிறோம்? அந்த நேரத்தில் பத்து மீட்டர் தூரத்துக்குள் இருப்பவர்கள் படித்துவிடலாம்.

மூன்றே படியில் ஆள் தெரியும்

"பஸ்சில் நாற்பது பேர் இருக்கிறோம். அந்தப் பெயர் யாருடையது என்று எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள்.

காலையில் விடுதி வாசலில் எட்டுப் பெண்கள் ஏறுகிறார்கள். உடனே பட்டியலில் Selvi A15 என்று ஒரு பெயர் முளைக்கிறது. ஆக, எட்டுப் பேரில் ஒருத்தி. மாலையில் ஸ்ரீபெரும்புதூரில் அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் இறங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் மறைகிறது. ஆக, மூன்று பேரில் ஒருத்தி. மறுநாள் அந்த மூவரில் இரண்டு பேருக்கு விடுமுறை. ஆனால் பெயர் பட்டியலில் இருக்கிறது. முடிந்தது!

இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பெயர் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனித்தால் போதும். பெயரும் முகமும் சேர்ந்துவிட்டால், பிறகு பேஸ்புக்கில் தேடுவான். ஊர் தெரியும், உறவு தெரியும். "உன் அண்ணனை எனக்குத் தெரியும்" என்று பேச்சை ஆரம்பிப்பான். புதிதாக ஊரை விட்டு வந்த பெண் நம்பிவிடுவாள்.

இந்தப் பகுதியில் அப்படி வந்த பெண்கள் கொஞ்சமா? அருகே வல்லம் வடகாலில், தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிற இடத்தில், பெயரை வெளியே தொங்கவிடுவது சரியல்ல.

சீமையிலும் நடந்திருக்கிறது. 2015-ல் லண்டன் ரெயிலில் வேலைக்குப் போன ஒரு பெண்ணின் ஐபோனுக்கு, அதே ரெயிலில் இருந்த யாரோ ஆபாசப் படம் அனுப்பினான். அவளுடைய நம்பர் அவனுக்குத் தேவைப்படவில்லை. "ஏர்டிராப்" என்ற வசதியை எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். ரெயில்வே போலீசார் விசாரித்தார்கள். அவள் படத்தை வாங்க மறுத்ததால், அனுப்பியவனைக் கண்டுபிடிக்கத் தடயம் கிடைக்கவில்லை.

எங்கே மாற்றுவது?

ஐபோனில் Settings, அதில் General, அதில் About, அதில் Name. அந்த ஒரே பெயர்தான் ஹாட்ஸ்பாட்டுக்கும் புளூடூத்துக்கும். ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

மற்ற செல்போன்களில் பெரும்பாலும் Settings-ல் About phone என்று இருக்கும். அதில் Device name. சிலவற்றில் Edit என்று இருக்கும். ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள்! ஹாட்ஸ்பாட்டின் பெயர் பல செல்போன்களில் தனியாக இருக்கும். ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பெயர் அப்படியே இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

என்ன பெயர் வைப்பது? சிலர் "புலி", "வராதே" என்றெல்லாம் வைக்கிறார்கள். இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் அது ஒன்றுதான் கண்ணில் படும்! தமிழில் வைத்தாலும் அப்படித்தான். அதற்கு இடமும் போதாது. ஹாட்ஸ்பாட் பெயருக்கு 32 இடம்தான் உண்டு. "தமிழ்" என்ற மூன்றெழுத்தே 15 இடத்தை விழுங்கிவிடும்.

செல்போனின் மாடல் பெயரையே வைப்பது மேல். Galaxy A15 என்று பஸ்சில் மூன்று பேர் இருந்தால், யாருடையது என்று தெரியாது. ஆனால் இதில் ஒரு சங்கடம். உங்கள் தோழியுடைய ஹாட்ஸ்பாட்டுக்கும் அதே பெயர் இருந்தால், உங்கள் தங்கையின் செல்போன் குழம்பிவிடும். பாஸ்வேர்டு தவறு என்று சொல்லும். அதனால் Galaxy A15 4C என்பது போல இரண்டு எழுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த வருஷம், ரூம் நம்பர், செல்போன் நம்பரின் கடைசி எண்கள் மட்டும் வேண்டாம்.

அப்படிச் சேர்த்தால் அந்த ஆசாமி மறுபடியும் மூன்று படி ஏறி, "4C என்பது இவள்தான்" என்று கண்டுபிடிக்க முடியாதா? முடியும். இதை மறைக்கக் கூடாது. ஆனால் கூப்பிட அவனிடம் பெயர் இருக்காது. பேஸ்புக்கில் 4C என்று தேடி என்ன கிடைக்கும்? வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டால் அதுவும் பட்டியலில் இராது.

மாற்றிய பிறகு, பக்கத்தில் இருக்கும் தோழியின் செல்போனை வாங்கி வைபை பட்டியலைப் பாருங்கள். புதுப் பெயர் தெரிய வேண்டும். பழைய பெயரில் சேர்ந்திருந்தவர்கள் புதிதாக ஒரு முறை சேர வேண்டியிருக்கும். காதுக் கருவியையும் மறக்காதீர்கள். ஐபோனுடன் இணைக்கும் ஏர்பாட்ஸ் தானாகவே உரிமையாளர் பெயரை எடுத்துக்கொள்ளும். அதைத் தனியே மாற்ற வேண்டும்.

குற்றம் அந்தப் பெண்ணுடையது அல்ல. கடையில் செல்போனைத் திறந்து கொடுக்கும் பையன், "பெயர் என்னம்மா?" என்று கேட்டு, கேட்டதை அப்படியே தட்டிவிடுகிறான். அடுத்த தடவை அவன் கேட்டால், மாடல் பெயர் போதும் தம்பி என்று சொல்லுங்கள்.