சொல்லாத எழுத்தை எதற்கு எழுதணும்?

நாகரசம்பட்டி பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் காலை நேரத்தில் நாங்கள் நாலைந்து பெரிசுகள் கூடுவோம். போன வாரம் பேச்சு ஆங்கிலத்தின் பக்கம் திரும்பியது. "எழுதுறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு. பைத்தியக்கார பாஷை. நம்ம தமிழைப் பாருங்க, எழுதினபடியே பேசுறோம்" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் முடியவில்லை.

காரணம் உண்டு. நான் வாத்தியாராக இருந்தபோது ஒரு பையன் 'நைட்' என்ற சொல்லுக்கு, அதாவது குதிரை வீரனுக்கு, முதலில் வரும் 'கே'யை விட்டுவிட்டு எழுதினான். திருத்தினேன். "சார், சொல்லாத எழுத்தை எதுக்கு எழுதணும்?" என்று கேட்டான். எதிர்த்துப் பேசுகிறான் என்று பிரம்பால் இரண்டு அடி வைத்தேன். அந்த வருடம் முழுவதும் அவன் என்னிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை.

அவன் கேட்டது சரியான கேள்வி. பதில் ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சொல்லின் எழுத்துகள் கே, என், ஐ, ஜி, எச், டி. அறுநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்துக்காரன் அத்தனையையும் வாய்விட்டுச் சொன்னான். 'க்னிஹ்ட்' என்பதுபோல இருக்கும். நடுவில் வரும் அந்த ஜி, எச் தொண்டையைக் காறுகிற ஒலி. அதாவது அன்றைக்கு அவனும் சொன்னபடிதான் எழுதினான். 1476இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை வைத்தார். அச்சில் ஏறிய எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. நாக்கு நிற்கவில்லை. தொண்டை ஒலி போயிற்று, பிறகு முன்னால் இருந்த 'க்' போயிற்று, 'இ' நீண்டு 'ஐ' ஆயிற்று. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு நேர் எதிரான உதாரணம் இருக்கிறது. வேப்பனஹள்ளி தெரியாதவர் உங்களில் யார்? நம்முடைய 'பள்ளி'தான் அந்த 'ஹள்ளி'. பழைய கன்னடத்திலும் அது 'பள்ளி'யாகத்தான் இருந்தது. 'பால்' என்றுதான் சொன்னார்கள். பிற்பாடு கன்னடக்காரர் நாக்கில் 'ப' மாறி 'ஹ' ஆனது. அவர்கள் எழுத்தையும் கூடவே மாற்றிக்கொண்டார்கள். ஹள்ளி, ஹாலு என்றே எழுதினார்கள். இங்கிலாந்துக்காரன்போல விட்டிருந்தால், இன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் 'பள்ளி' என்று எழுதி 'ஹள்ளி' என்று படித்துக்கொண்டிருப்பார்கள். நாம் டீக்கடையில் உட்கார்ந்து கன்னடத்தையும் பைத்தியக்கார பாஷை என்றிருப்போம்.

சரி, தமிழ்? 'எழுதினபடியே பேசுறோம்' என்று சொன்ன நண்பர் கடைக்காரரிடம் கேட்டது "வெத்தல". எழுதச் சொன்னால் 'வெற்றிலை' என்று எழுதுவார். ஒன்று என்று எழுதி ஒண்ணு என்கிறோம்; ஐந்து என்று எழுதி அஞ்சு என்கிறோம். நம் நாக்கும் நகர்ந்துவிட்டது, நம் எழுத்தும் நின்றுவிட்டது. ஒரே வித்தியாசம், புத்தகத்தைக் கையில் எடுத்தால் நாம் எழுதியிருக்கிறபடி 'வெற்றிலை' என்று படிக்கிறோம். பேச்சுக்கு ஒரு தமிழ், படிப்புக்கு ஒரு தமிழ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டோம். ஆங்கிலத்துக்காரன் பழைய எழுத்தைப் பார்த்து இன்றைய பேச்சையே படிக்கிறான். 'வெற்றிலை' என்று எழுதிப் பரீட்சை ஹாலிலும் 'வெத்தல' என்றே படிக்க வேண்டும் என்றால் எப்படியோ, அதுதான் ஆங்கிலம்.

எல்லாப் பழியையும் நாக்கின்மேல் போடவும் முடியாது. கடனுக்கு ஆங்கிலத்தில் 'டெட்' என்கிறார்கள். அதில் ஒரு 'பி' வரும். அதை ஆங்கிலேயன் ஒருநாளும் சொன்னதில்லை. பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல்தான் அந்தச் சொல் வந்தது. லத்தீன் மூலத்தில் 'பி' இருக்கிறதே என்று பதினாறாம் நூற்றாண்டுப் பண்டிதர்கள் அதைச் சொருகி வைத்தார்கள். படிப்பைக் காட்டிக்கொள்ளச் செய்த வேலை. அதற்கு நம் பிள்ளைகள் மார்க்கை இழக்கிறார்கள்.

'அப்படியானால் திருத்திவிட வேண்டியதுதானே' என்பீர்கள். 2020இல் நம் அரசு 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்படி ஆங்கிலத்தில் எழுத உத்தரவு போட்டது நினைவிருக்கும். கோயம்புத்தூரின் புது எழுத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாளில் உத்தரவு திரும்பிப் போயிற்று. கண்ணுக்குப் பழகிய எழுத்தை மாற்றுவது அவ்வளவு கஷ்டம். ஆங்கிலத்துக்கோ உத்தரவு போட ஒரே அரசும் இல்லை. லண்டன்காரன் உச்சரிப்புப்படி மாற்றினால் அமெரிக்காக்காரன் ஒத்துக்கொள்வானா?

ஆகவே பேரப்பிள்ளை அந்த 'கே'யை விட்டுவிட்டு எழுதினால் தலையில் குட்டாதீர்கள். ஆங்கிலத்தையும் திட்டாதீர்கள். "ஒரு காலத்தில் அதைச் சொன்னாங்க கண்ணு, இப்போ சொல்றதில்லை, எழுத்து மட்டும் மிச்சம் இருக்கு" என்று சொல்லுங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பதிலாகத்தான் அன்றைக்கு நான் பிரம்பை எடுத்தேன்.