பட்ஜெட் 500 ரூபாய்... கார்டில் போனது 1,040 ரூபாய்! ஆன்லைன் விளம்பரக் கணக்கில் நடப்பது என்ன?

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலையில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். அதனால், பஸ் ஏறுவதற்கு முன்பே செல்போனில் ரூம் தேடிவிடுகிறார்கள் பக்தர்கள். அந்தத் தேடலில் தங்கள் பெயர் முதலில் வர வேண்டும் என்று, பத்து அறைகள் வைத்திருக்கும் சின்ன விடுதிக்காரர்கள்கூட இப்போது கூகுளில் விளம்பரம் கொடுக்கிறார்கள். மாதம் முழுக்க அல்ல. பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள்கள் மட்டும்.

இந்த 'நான்கு நாள்கள் மட்டும்' என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

ஒரு விடுதிக்காரர், 'ஒரு நாளைக்கு 500 ரூபாய்' என்று பட்ஜெட் போட்டு விளம்பரத்தைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளுக்கு 2,000 ரூபாய் என்பது அவர் மனக்கணக்கு. ஆனால், முதல் நாள் 620 ரூபாய், இரண்டாம் நாள் 980, மூன்றாம் நாள் 1,000, நான்காம் நாள் 850 ரூபாய் என்று செலவு காட்டுகிறது. மொத்தம் 3,450 ரூபாய். 'தப்பாகப் பிடித்துவிட்டார்கள்' என்றுதான் யாருக்கும் தோன்றும். கூகுளின் விதிப்படி பார்த்தால், இதில் ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை!

'தினசரி' என்றால் தினசரி இல்லை

கூகுள் விளம்பரத்தில் நாம் போடும் தொகை, ஒரு நாளின் உச்ச வரம்பு அல்ல; அது சராசரி. தேடுகிறவர்கள் அதிகம் இருக்கும் நாளில் கூடுதலாகச் செலவழித்து, ஆள் இல்லாத நாளில் குறைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கணக்கைச் சரிக்கட்டுவதுதான் அதன் முறை. 2017-ம் ஆண்டு அக்டோபரிலிருந்து, ஒரு நாளில் நாம் போட்ட தொகையின் இரண்டு மடங்கு வரை செலவாகலாம் என்று விதி மாறியது. அதற்கு முன்பு 20 சதவிகிதம் வரைதான் கூடுதலாகப் போகும்.

மாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. தினசரித் தொகையை 30.4-ஆல் பெருக்க வேண்டும். 365 நாள்களை 12 மாதங்களால் வகுத்தால் வரும் எண் அது. 500 ரூபாய் பட்ஜெட்டுக்கு நாள் வரம்பு 1,000 ரூபாய். மாத வரம்பு 15,200 ரூபாய். இந்த இரண்டில் எதைத் தாண்டினாலும், தாண்டிய தொகையைக் கூகுளே ஏற்றுக்கொள்ளும். உதாரணமாக, ஒரே நாளில் 1,120 ரூபாய்க்கு க்ளிக் விழுந்தால் 1,000 ரூபாய்தான் நம் கணக்கில் சேரும். மீதி 120 ரூபாய் வரவாகத் திரும்பிவிடும்.

மாதம் முழுக்க விளம்பரம் ஓடும் கடைக்கு இது நியாயமான ஏற்பாடு. ஒரு நாள் 900 போனால், இன்னொரு நாள் 200 போகும். ஆனால், திருவண்ணாமலை விடுதிக்காரர் விளம்பரம் ஓட்டுவதே கூட்டம் வரும் நாள்களில்தான். அவருக்கு ஆள் இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. நான்கு நாளும் இரண்டு மடங்கை நெருங்கும். ஐந்தாம் நாள் விளம்பரத்தை நிறுத்திவிடுவார். சரிக்கட்ட வேண்டிய மீதி 26 நாள்கள் வருவதே இல்லை. எந்த நாளும் 1,000 ரூபாயைத் தாண்டவில்லை, மாதம் 15,200 ரூபாயைத் தொடவில்லை. ஆகவே, திரும்பக் கிடைக்க எதுவும் இல்லை.

அமெரிக்காவில் நடந்த வழக்கு

இதே பிரச்னை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கூகுள் விளம்பரத்துக்கு 'ஆட்வேர்ட்ஸ்' என்று பெயர் இருந்த காலம். 2005-ம் ஆண்டில், சி.எல்.ஆர்.பி. ஹான்சன் இண்டஸ்ட்ரீஸ் என்ற அச்சுத் தொழில் நிறுவனமும் இன்னொரு விளம்பரதாரரும் கலிஃபோர்னியாவில் கூகுள்மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களின் புகார் இரண்டு. ஒன்று, தினசரி பட்ஜெட்டைவிட 20 சதவிகிதம் வரை கூடுதலாக வசூலிக்கிறார்கள் என்பது. இரண்டாவது, மாதத்தில் சில நாள்கள் விளம்பரத்தை நிறுத்திவைத்தாலும், ஓடிய நாள்களைக் கணக்கிடாமல் முழு மாதத்தை வைத்து வரம்பு போடுகிறார்கள் என்பது.

முதல் புகார் எடுபடவில்லை. 20 சதவிகிதம் கூடலாம் என்பதை விளம்பரதாரருக்கான விதிகளிலேயே சொல்லியிருக்கிறார்கள் என்று நீதிமன்றம் கருதியது. இரண்டாவது புகார் நிலைத்து நின்றது. கடைசியில், 2009-ம் ஆண்டு 2 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. அன்று வழக்குப் போட்டவர்களின் நிலைமையில்தான், பௌர்ணமிக்கு மட்டும் விளம்பரம் கொடுப்பவர் இன்று இருக்கிறார். வித்தியாசம், நாளுக்கு இரண்டு மடங்கு வரை போகலாம் என்பது இப்போது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

கார்டில் பணம் போவது தனிக் கணக்கு

செலவு ஆவது ஒரு பக்கம். பணம் எடுக்கப்படுவது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் குழப்பம் கூடுகிறது.

தானாகப் பணம் எடுக்கும் முறையில் கார்டைப் பதிந்து வைத்தால், கூகுள் தினமும் பணம் எடுக்காது. மளிகைக் கடை நோட்டுக் கணக்கு மாதிரிதான். கடன் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தொட்டால் உடனே வசூல். தொடாவிட்டால் மாத பில்லிங் தேதியில் வசூல். இதில் எது முதலில் வருகிறதோ அதுதான். அந்தக் குறிப்பிட்ட தொகைக்குத்தான் 'திரெஷ்ஹோல்டு' என்று பெயர். புதுக் கணக்குக்கு அது சிறிய தொகையாக இருக்கும். பில்லிங் தேதிக்கு முன்பே அதைத் தொட்டு, பணமும் ஒழுங்காகப் போனால், அடுத்த முறை தொகை உயரும். கடைக்காரர் நம்பி அதிகக் கடன் கொடுப்பதைப் போல.

நம் விடுதிக்காரரின் திரெஷ்ஹோல்டு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 620 ரூபாய்தான் ஆனது. கார்டிலிருந்து எதுவும் போகவில்லை. இரண்டாம் நாள் மதியம் பாக்கி 1,000 ரூபாயைத் தொடுகிறது. வசூல் நடக்கும் இடைவெளியிலும் க்ளிக்குகள் விழுந்துகொண்டே இருப்பதால், 1,040 ரூபாய் எடுக்கப்படுகிறது. திரெஷ்ஹோல்டு இப்போது 2,000 ரூபாயாக உயர்கிறது. மூன்றாம் நாள் வசூல் இல்லை. நான்காம் நாள் மாலை 2,030 ரூபாய் போகிறது. விளம்பரத்தை நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும், மாத பில்லிங் தேதியில் 380 ரூபாய் எடுத்ததாக பேங்க்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வருகிறது!

1,040, 2,030, 380... மூன்றையும் கூட்டினால் அதே 3,450 ரூபாய்தான். நிறுத்திய பிறகு எடுத்த பணம் புதுச் செலவு அல்ல, பழைய பாக்கி. இதோடு 18 சதவிகித ஜி.எஸ்.டி. தனி. அது 621 ரூபாய். ஆக, 2,000 ரூபாய் என்று நினைத்த செலவு 4,071 ரூபாயில் வந்து நிற்கிறது.

தப்பா, விதியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பேங்க் எஸ்.எம்.எஸ்-ஐ பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் விடை கிடைக்காது. விளம்பரக் கணக்கில் நாள்வாரியான செலவைப் பாருங்கள். எந்த நாளாவது பட்ஜெட்டின் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கிறதா? தாண்டியிருந்தால், `Billing` பகுதியில் உள்ள `Transactions` பக்கத்தில் அதற்கான வரவு இருக்க வேண்டும். இல்லையென்றால் தாராளமாகப் புகார் செய்யலாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்ஜெட் என்பது ஒவ்வொரு கேம்பைனுக்கும் தனித்தனி. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என 500 ரூபாயில் இரண்டு கேம்பைன் ஓடினால், ஒரே நாளில் 2,000 ரூபாய் வரை போகலாம். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான்.

பாதி போடுங்கள்!

சில நாள்களுக்கு மட்டும் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு எளிய வழி, செலவழிக்க நினைக்கும் தொகையில் பாதியைப் பட்ஜெட்டாகப் போடுவது. 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றால் 250 ரூபாய் போடுங்கள். கூட்டம் அலைமோதினாலும் நாளுக்கு 500-ஐத் தாண்டாது. கூட்டம் இல்லாத நாளில் 250-ஐ ஒட்டியே நின்றுவிடலாம் என்பது இதில் உள்ள குறை.

ஒரே நாளில் பட்ஜெட்டைப் பலமுறை மாற்றுவதில் எச்சரிக்கை தேவை. அன்றைக்கு வைத்த தொகைகளில் எது அதிகமோ, அதை வைத்துத்தான் அன்றைய வரம்பு கணக்காகும். தீபத் திருநாள் அன்று காலையில் 2,000 ரூபாய் என்று ஏற்றிவிட்டு, மதியம் 500-க்கு இறக்கினாலும், அன்றைய வரம்பு 4,000 ரூபாய்தான். செலவை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டுமென்றால், விளம்பரத்தையே நிறுத்திவைக்க வேண்டும்.

கார்டே வேண்டாம் என்பவர்கள், கணக்கு தொடங்கும்போதே முன்பணம் கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் கட்டிய பணம் தீர்ந்தால் விளம்பரம் நின்றுவிடும். ஜி.எஸ்.டி. அதிலிருந்தே கழியும் என்பதால், 1,180 ரூபாய் கட்டினால் 1,000 ரூபாய்க்குத்தான் விளம்பரம் ஓடும். பௌர்ணமி அன்று மாலை பணம் தீர்ந்துபோனால், அதைக் கவனித்து மறுபடி கட்ட ஓர் ஆள் வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் கணக்கு வேறு. அங்கே ஞாயிறு முதல் சனி வரையிலான வாரம்தான் அளவு. தினசரித் தொகையின் ஏழு மடங்கை வாரச் செலவு தாண்டாது. ஆனால், ஒரு நாளில் 75 சதவிகிதம் வரை கூடலாம். முன்பு இது 25 சதவிகிதமாக இருந்தது. 500 ரூபாய் பட்ஜெட்டில் நாளுக்கு 875 ரூபாய் வரை போனால், நான்கே நாளில் 3,500 ரூபாய். ஒரு வாரத்துக்கான மொத்தப் பணமும் காலி! அதனால், அங்கே தினசரி பட்ஜெட்டுக்குப் பதிலாக `Lifetime budget` என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடங்கும் நாள், முடியும் நாள், மொத்தத் தொகை மூன்றையும் கொடுத்துவிடுங்கள். 2,000 ரூபாய் என்றால், வரி நீங்கலாக 2,000 ரூபாயோடு நின்றுவிடும்.