9.8 வந்தே ஆக வேண்டுமா?

பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் சோதனை என்று ஒன்று உண்டு. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடும் நேரத்தைக் கணக்கிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரெக்கார்ட் நோட்டின் கடைசி வரியில் பிள்ளைகள் எழுதும் விடையை நான் பல வருடங்கள் திருத்தியிருக்கிறேன். அந்தக் கடைசி வரியைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. விடை 9.8-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது தவறு. அவர்கள் பயன்படுத்திய கருவியும் கையும் எவ்வளவு பிழையை அனுமதிக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். வந்த பிழை அதற்குள் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

எண்களை வைத்தே பேசுவோம். ஒரு மாணவி ஊசலின் நீளத்தை 80.0 செ.மீ. என்று வைத்தாள். நீளம் என்றால் பிளந்த தக்கையின் அடியிலிருந்து குண்டின் மையம் வரை. இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை மூன்று முறை எடுத்தாள்: 36.21, 36.02, 36.27 விநாடி. சராசரி 36.17 விநாடி. அதை இருபதால் வகுத்தால் ஓர் அலைவுக்கு 1.808 விநாடி. g = 4π²L/T² என்ற சூத்திரத்தில் போட்டுக் கால்குலேட்டரைத் தட்டினால் 9.658123 என்று வருகிறது. அதை அப்படியே நோட்டில் எழுதி, 9.8-ஓடு ஒப்பிட்டு, "பிழை 1.4477 விழுக்காடு" என்று முடித்துவிட்டாள்.

அவள் சோதனையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறாள். ஆனால் கடைசி இரண்டு வரிகளிலும் அவள் அளக்காத இலக்கங்கள் நிற்கின்றன.

முதலில் நேரத்தைப் பாருங்கள். டிஜிட்டல் ஸ்டாப் வாட்ச் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஆனால் அதை அழுத்துவது விரல். குண்டு நடுக்கோட்டைக் கடப்பதைக் கண் பார்த்து, விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். ஒரு முறை சற்று முந்தும், ஒரு முறை பிந்தும். அவளுடைய மூன்று அளவீடுகளே இதற்குச் சாட்சி. மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் 0.25 விநாடி வித்தியாசம் இருக்கிறது. வாட்சின் மீச்சிற்றளவு 0.01 விநாடி என்பதால் நேரம் அவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று ஆகிவிடாது. ஆகவே 36.2 விநாடியில் 0.2 விநாடி ஐயம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அது 0.55 விழுக்காடு. சூத்திரத்தில் T இரண்டாம் படியில் இருப்பதால் இந்தப் பிழை விடையில் இரட்டிப்பாகி 1.1 விழுக்காடு ஆகிறது.

நீளத்தில் மீட்டர் அளவுகோல் மில்லிமீட்டர் வரை காட்டும். ஆனால் தக்கையின் விளிம்பையும் குண்டின் மையத்தையும் கண்ணால்தான் குறிக்கிறோம். 2 மில்லிமீட்டர் ஐயம் என்று கொண்டால் 0.25 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் 1.35 விழுக்காடு. இவ்வளவு பிழையை இந்தச் சோதனையே தன்னுள் வைத்திருக்கிறது. 9.66-இல் 1.35 விழுக்காடு என்பது 0.13. ஆகவே அவள் எழுதியிருக்க வேண்டிய விடை, 9.66 ± 0.13 மீ/வி². முதல் தசம இலக்கத்திலேயே ஐயம் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் இலக்கத்தை ஒரு மரியாதைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் இருக்கும் 8, 1, 2, 3 எல்லாம் கால்குலேட்டரின் சரக்கு, அவளுடையது அல்ல.

"அளவீடுகளில் எதில் முக்கிய எண்ணுருக்கள் குறைவோ, விடையிலும் அத்தனை" என்று பாடப்புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. 80.0-இல் மூன்று, 36.2-இல் மூன்று, ஆகவே விடையிலும் மூன்று, 9.66. இங்கே விதியும் கணக்கும் ஒத்துப்போகின்றன. ஆனால் வாட்ச் காட்டிய 36.17-ஐ அப்படியே நம்பி, நீளத்தையும் 80.00 என்று எழுதிவிட்டால், அதே விதி நான்கு எண்ணுருக்களுக்கு அனுமதி கொடுத்துவிடும். விதி காகிதத்தில் உள்ள இலக்கங்களைத்தான் எண்ணும். அளந்த கையை அதற்குத் தெரியாது. அதனால்தான் ஐயத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலக்கங்களை வெட்டுவது கடைசி வரியில்தான், நடுவில் அல்ல. 1.808-ஐ அவசரப்பட்டு 1.8 என்று சுருக்கிக்கொண்டு மேலே போனால் விடை 9.75 ஆகிவிடும். இருந்த பிழையில் பெரும்பகுதி காணாமல் போய், சோதனை பிரமாதமாக வந்ததுபோல் தோன்றும். அது சோதனை செய்த வேலை அல்ல, வெட்டு செய்த வேலை.

இப்போது விழுக்காட்டுப் பிழைக்கு வருவோம். அதை எதனோடு ஒப்பிடுவது? 9.8 என்பது ஒரு வசதிக்கான எண். உலகப் பொதுவாக ஒப்புக்கொண்ட திட்ட மதிப்பு 9.80665. ஆனால் பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறையும். சென்னையின் அட்சரேகைக்கு அது ஏறக்குறைய 9.783, கன்னியாகுமரிக்கு 9.781. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குண்டு 9.78-இல்தான் ஆடுகிறது. ஆகவே சரியாக 9.80 கொண்டுவந்து "பிழை பூஜ்யம்" என்று எழுதும் மாணவனிடம்கூட 0.2 விழுக்காடு பிழை இருக்கிறது.

இந்த வித்தியாசம் வெறும் புத்தகச் செய்தி அல்ல. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் தென் அமெரிக்கக் கயேன் தீவில் நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்துவதைக் கண்டார். பாரிஸ் கணக்குக்கு ஒத்துவரும்படி அவர் தன் குறிப்பைத் "திருத்தி" எழுதியிருந்தால் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது. பூமி நடுவில் பருத்திருக்கிறது என்பதற்கு நியூட்டன் எடுத்துக்கொண்ட சான்றுகளில் அதுவும் ஒன்று.

நம் மாணவியின் 9.66-க்கும் 9.78-க்கும் வித்தியாசம் 0.12. விழுக்காட்டில் 1.2. இதற்கு மேல் இலக்கம் எழுத இடமே இல்லை. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டைக் கழிக்கும்போது முன்னால் இருக்கும் நல்ல இலக்கங்கள் அடிபட்டு, பின்னால் இருக்கும் ஐயமான இலக்கங்கள் மட்டும் மிஞ்சும். மூன்று எண்ணுருக்கள் உள்ள விடையிலிருந்து இரண்டு எண்ணுருக்கள் உள்ள பிழைதான் கிடைத்தது. அந்த 0.12-லேயே 0.13 ஐயம் இருப்பதால், "ஏறக்குறைய 1 விழுக்காடு" என்று எழுதினாலே போதும். 1.4477 என்று எழுதுவது, பிழையைக்கூடப் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை அறிந்தேன் என்று சொல்வதாகும்.

வந்த பிழை 1.2, அனுமதித்த பிழை 1.35. உள்ளேதான் இருக்கிறது. இது முழு மதிப்பெண்ணுக்குரிய விடை. ஆனால் அவளுக்கு அன்று கிடைத்தது, "9.8 வரவில்லை, திரும்பச் செய்" என்ற சிவப்பு மைக் குறிப்பு. அடுத்த வாரம் அதே நோட்டில் 9.80 இருந்தது. குண்டு மாறவில்லை, நூல் மாறவில்லை, எண்கள்தான் மாறியிருந்தன. சூத்திரத்தில் 9.8-ஐப் போட்டுப் பின்னாலிருந்து நேரத்தைக் கணக்கிட்டு எழுதும் வித்தையை அந்தப் பிள்ளைக்கு நாம்தான் கற்றுக்கொடுத்தோம்.

அப்படிச் சமைத்த எண்களைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. ஐந்து நீளங்களுக்கு ஐந்து விடைகள் இருக்கும். அனுமதித்த பிழை 0.1-க்கு மேல் இருக்கும் சோதனையில் அவை 9.6, 9.8, 9.9 என்று சிதறித்தான் கிடக்க வேண்டும். ஐந்தும் 9.79-க்கும் 9.81-க்கும் நடுவில் வரிசையாக நின்றால், அந்த அட்டவணை ஊசலைப் பார்த்து எழுதியதல்ல. அதிகச் சிதறலைப் போலவே அதிக ஒழுங்கும் சந்தேகத்துக்குரியது.

வந்த பிழை அனுமதித்ததைவிட அதிகமாக இருந்தால் என்ன செய்வது? அப்போதுதான் விழுக்காட்டுப் பிழை உண்மையில் உதவுகிறது, அதன் கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிடாமல் எழுதியிருந்தால். விடை 10.8 என்று வந்து, பிழை +11 விழுக்காடு இருந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி, "எண்ணத் தொடங்கும்போது என்ன சொன்னாய்?" என்பதுதான். வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணியிருப்பான். "சைபர்" என்று தொடங்கியிருக்க வேண்டும். இருபது என்று நினைத்தது உண்மையில் பத்தொன்பது அலைவுகள். இருபதைப் பத்தொன்பதால் வகுத்து இருமடிப் பெருக்கினால் 1.108, அதாவது 11 விழுக்காடு அதிகம். விடை 3 விழுக்காடுபோலக் குறைந்து வந்தால் குண்டை எவ்வளவு தூரம் இழுத்துவிட்டான் என்று பார்க்க வேண்டும். 30 பாகை வீச்சில் ஆடவிட்டால் அலைவு நேரம் 1.7 விழுக்காடு கூடி, விடை 3.4 விழுக்காடு குறையும். 10 பாகைக்குள் என்றால் அரை விழுக்காடுகூட மாறாது.

எல்லாக் குற்றமும் இப்படிப் பிடிபடும் என்று சொல்ல மாட்டேன். குண்டின் ஆரமான ஒரு சென்டிமீட்டரை நீளத்தோடு சேர்க்க மறந்தால், 80 செ.மீ. ஊசலில் விடை 1.25 விழுக்காடு குறையும். அது அனுமதித்த பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கு மருந்து வரைபடம். பல நீளங்களுக்கு T²-ஐ வரைந்து, கோட்டின் சாய்விலிருந்து g-ஐக் கண்டால், எல்லா நீளத்திலும் ஒரே அளவாக விட்டுப்போன அந்தச் சென்டிமீட்டர் சாய்வைப் பாதிக்காது.

ஆகவே என் யோசனை சிறியது. ரெக்கார்ட் நோட்டின் முடிவில் "வந்த பிழை" என்ற வரிக்கு மேலே "அனுமதித்த பிழை" என்று இன்னொரு வரி சேருங்கள். மதிப்பெண்ணை அந்த இரண்டு வரிகளுக்கும் போடுங்கள். இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த வாக்கியம் சரியாக இருந்தால் 10.8-க்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். காரணமே இல்லாமல் வந்த 9.80-க்கு நான் கொடுக்க மாட்டேன்.