பீர்க்கங்காய்க்கு ஊற்றும் அந்த ஒரு குவளைத் தண்ணீர்

வட இந்திய விடுதி உணவகங்களில் ஆறு ஆண்டுகளாக உண்டுவருபவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். தோரி, லௌக்கி என்ற பெயர்களைக் கேட்டாலே மாணவர்கள் தட்டை நகர்த்துகிறார்கள். பழி காய்களின் மேல் விழுகிறது. குற்றவாளியோ, சமையற்காரர் கையிலுள்ள குவளை. நம் தமிழ்ச் சமையற்குறிப்புகளும் உத்தமமானவை அல்ல. ‘தேவையான அளவு நீர் ஊற்றி’ என்ற தொடரைப் பீர்க்கங்காய்க்கும் கூசாமல் எழுதுகின்றன. ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதான் போலும்.

இவ்விரு காய்களின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீரே. தோல் சீவிய 400 கிராம் பீர்க்கங்காய்க்குள் ஒன்றரைக் குவளைக்கு மேல் நீர் இருக்கிறது. சூடு பட்டதும் திசுவின் சவ்வுகள் தளர்கின்றன. உப்பு அந்நீரை வெளியே இழுக்கிறது. இதன்மேல் நாமும் ஒரு குவளை ஊற்றினால், அவ்வளவு நீரும் வற்றும்வரை காய் அடுப்பிலேயே கிடந்தாக வேண்டும். அதற்குள் அது குழைந்து கூழாகிவிடும். ஆகவே, தண்ணீர் ஊற்றுவதும் குழைய விடுவதும் இரு வேறு பிழைகள் அல்ல. முன்னது பின்னதைக் கையோடு அழைத்து வருகிறது. நீரை வடித்துக் கொட்டினாலோ சுவையும் சேர்ந்து போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது. அந்த 400 கிராமை விரலகலத் துண்டுகளாக நறுக்குங்கள். அகன்ற வாணலியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சீரகம், மிளகாய், வெங்காயம் தாளித்துக் காயைப் போடுங்கள். மஞ்சளும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். காய் பாதியாகச் சுருங்கும் என்பதை மறந்து, குவியலின் உயரம் பார்த்து உப்பிடுவோர் பிறகு வருந்துவர். ஒரு நிமிடம் கிளறி, மூடி, தீயைத் தணித்துவிடுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் வாணலி வறண்டு சடசடக்கும். கை தண்ணீரைத் தேடுவது அப்போதுதான். பொறுங்கள். ஐந்தாம் நிமிடம் மூடியைத் திறந்தால் துண்டுகள் தம் நீரிலேயே நின்றுகொண்டிருக்கும். இனி மூடி வேண்டாம். நடுத்தரத் தீயில் நான்கைந்து நிமிடம் போதும். சதை கண்ணாடிபோல் தெளிந்து, துண்டின் விளிம்பு உடையாமல் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்; சட்டியின் சூட்டில் அது மேலும் சற்று வேகும்.

சுரைக்காய்க்கும் முறை இதுவே. மூடிய நிலையில் மூன்று, நான்கு நிமிடம் கூடுதலாகும். பிரஷர் குக்கர் மட்டும் வேண்டாம். கடலைப்பருப்புச் சேர்ப்பதானால் அதைத் தனியே வேகவைத்துக் கடைசியில் கலக்க வேண்டும். பருப்புக்கு வேண்டிய நீரைக் காயின் தலையில் கட்டுவது அநியாயம். விதை கடினப்பட்ட முற்றல் காய்க்கு இம்முறை செல்லாது. அதற்குக் கைப்பிடி நீர் தெளிக்கலாம். நறுக்கும்போதே ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரைக்காய் நஞ்சு. வேகவைத்தாலும் அது போகாது.