"சுனிதா தேவிதானே?" என்பது கேள்வியே அன்று

நோயாளிகள் ஆள் மாறிப்போனால், செவிலியரின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். இதை என்னால் ஏற்க இயலவில்லை.

வட இந்தியப் பெண்கள் வார்டு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு சுனிதா தேவிகள் அங்கிருப்பது வியப்பன்று. 'தேவி' குடும்பப் பெயரும் அன்று. பிறந்த தேதி அறியாதவர்களுக்கோ ஜனவரி 1 என்றே பதிந்துவிடுகிறோம். ஆகவே பெயரும் தேதியும் ஒத்தாலும் ஆள் வேறாக இருக்கலாம். கைப்பட்டையிலுள்ள பதிவெண்ணையும் கோப்போடு ஒப்பிட்டாக வேண்டும். கட்டில் எண் உதவாது, கட்டில் மாறும்.

கேட்கும் முறையும் முக்கியம். "சுனிதா தேவிதானே?" என்றால் காய்ச்சலில் கிடப்பவர் யாராயினும் தலையசைப்பார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

முதல் சுனிதாவின் இரத்தக் குழாயை மேசைக்குக் கொண்டுவந்து, இரண்டாமவரின் சீட்டை ஒட்டிவிட்டதாகக் கொள்வோம். ஆய்வகம் பிழையின்றிச் சோதித்து 'ஏ' வகை என்னும். இரண்டாமவர் 'ஓ' வகையினராயின், ஏறும் இரத்தம் சில பத்து மில்லிலிட்டரிலேயே உயிருக்கு உலை வைக்கலாம். சீட்டைக் கட்டிலருகிலேயே, எடுத்த கையோடு ஒட்ட வேண்டும் என்பது இதற்காகத்தான். இரவில் முழு வார்டையும் ஒற்றைச் செவிலியரிடம் விட்டுவிட்டு, சீட்டுகளை மேசையில் மொத்தமாக அச்சிட்டு வைக்கும் நிர்வாகத்தை எந்த விசாரணை அறிக்கை குற்றவாளியாக்கியிருக்கிறது?