கல்லாவில் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

"கல்லாவில் பணம் குறைந்தால் அன்றைக்கு பில் போட்டவர்கள் பங்கு போட்டுக் கட்டட்டும். சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே" என்கிறார் ஒரு கடை முதலாளி. நியாயம் போலத்தான் தெரிகிறது. சட்டம் வேறு சொல்கிறது.

ஒரே கல்லாவில் ஷிப்ட் மாற்றி மூவர் உட்கார்ந்து, இரவில் 900 ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். ஆளுக்கு 300 பிடிக்க முடியாது. ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன்படி, கணக்குக் காட்ட வேண்டிய பணம் அந்த ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாகக் குறைந்திருந்தால்தான் அவரிடம் பிடிக்கலாம். ஷிப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்கும் வழக்கமே இல்லாத கடையில் யார் தவறென்று எப்படிச் சொல்வீர்கள்? சொல்ல முடிந்தாலும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். நட்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. உடைந்த சரக்கு என்றால், அது அவர் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

கையெழுத்தா? சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

சீருடைக்கும் மாதாமாதம் பிடிக்கிறாராம். அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களின் பட்டியலில் சீருடை என்றொரு இனமே இல்லை. கடைப் பெயர் பொறித்த சட்டையை ஊழியர் கல்யாணத்துக்கா போட்டுக்கொண்டு போகப்போகிறார்?