கைநாட்டுக்கு முன் கேட்க வேண்டியது

மருத்துவ ஆராய்ச்சிக்கென்று வருகிறவர்கள் நமது மக்களிடம் இரண்டு தாள்களை நீட்டுவது வழக்கம். ஒன்று சம்மதப் பத்திரம், மற்றது வினாத்தாள். இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்பட்டவை. "தமிழ் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால், "திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டோம்" என்று பதில் வரும். அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நம் தோழர்கள் அறிந்திருப்பது அவசியம் எனக் கருதுகிறோம்.

முறை எளிதானதே. ஒருவர் ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறார். மூலத்தைக் கண்ணால் கூடப் பாராத வேறொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குகிறார். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். தமிழ் தெரியாத ஆராய்ச்சியாளரும் இதனால் ஓரளவு சோதித்துக்கொள்ளலாம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இம்முறை பரவலாகப் பேசப்பட்டது.

இதனால் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். புதிய மருந்தைப் பரீட்சிப்பதை ஆங்கிலத்தில் 'டிரயல்' என்பார்கள். அகராதியைப் பார்த்த ஒருவர் அதை 'விசாரணை' என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருப்பி மொழிபெயர்ப்பவர் 'என்குவயரி' என்று எழுதுவார். நோயாளியைக் கோர்ட்டுக்கோ, ஆபீஸ் விசாரணைக்கோ அழைப்பதுபோல் வாசகம் நிற்கும். பிழை உடனே அகப்பட்டுவிடும்.

ஆனால் அதே பத்திரத்தில் இன்னொரு வாக்கியம் வருகிறது: இந்த 'ஸ்டடி'யிலிருந்து நீங்கள் எப்பொழுது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது என்பது அதன் கருத்து. மொழிபெயர்ப்பவர் 'ஆய்விலிருந்து' என்று எழுதாமல் 'படிப்பிலிருந்து விலகலாம்' என்று எழுதிவிட்டார். திருப்பி எழுதுகிறவர் 'படிப்பு' என்பதை எப்படி எழுதுவார்? 'ஸ்டடி' என்றுதான்! ஆங்கிலத்தில் பள்ளிப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அந்த ஒரே சொல் பொருந்தும். இரண்டு ஆங்கிலமும் அச்சு அசலாக ஒன்றாயிருக்கும். சோதனையில் தேறிவிட்டது என்று முத்திரை விழும். பால் வெட்டிவிட்டு வந்து கைநாட்டு வைக்கும் நம் அம்மாவோ, தமக்கு ஏது படிப்பு என்று திகைப்பார். ஆராய்ச்சியிலிருந்து விலக உரிமையுண்டு என்பதை அறியவே மாட்டார்.

வினாத்தாளிலும் இதே கதைதான். எஸ்.எஃப்-36 என்ற பிரபலமான உடல்நல வினாத்தாளின் முதல் ஆங்கில வடிவத்தில், பல 'பிளாக்' தூரம் நடக்க முடிகிறதா என்ற கேள்வி உண்டு. அமெரிக்க நகரில் அது ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை வரையுள்ள தூரம். தமிழில் 'பிளாக்' என்றே எழுதினால், திரும்பும்போதும் 'பிளாக்' என்றே வரும். அடுக்குமாடியில் வசிப்பவர் அதை ஒரு கட்டிடம் என்பார்; தோட்டத்தில் இருப்பவர் மரம் நட்ட ஒரு பெரும்பகுதி என்பார். இருவர் பதிலையும் ஒரே கணக்கில் கூட்டினால் கிடைப்பது என்ன? அந்த வினாத்தாளின் பிந்திய வடிவத்தில் தூரத்தை யார்டு கணக்கில் கேட்டது நோக்கத்தக்கது.

ஆக, சொல்லுக்குச் சொல் வைத்த மோசமான தமிழ்தான் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறும். போதாததற்கு, திருப்பி எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால், கோணல் தமிழின் உள்நோக்கத்தை ஊகித்து நல்ல ஆங்கிலமாக்கிவிடுவார். அவர் திறமையே பிழையை மறைத்துவிடும். மாறாக, நல்ல தமிழ் வேறு சொற்களில் திரும்பி வந்ததற்காக அதைத் திருத்திக் கெடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே வித்தியாசம் கண்டால் முதலில் தமிழையே எடுத்துப் பார்க்க வேண்டும். பிழை போகும்போது நேர்ந்ததா, திரும்பும்போது நேர்ந்ததா என்று தீர்க்க வேண்டும்.

குறையைத் தீர்க்க வழி என்ன? யாரிடம் கையொப்பம் கேட்கிறார்களோ அவர்களில் சிலரை அழைத்து, தாளைப் படித்துக் காட்டி, வாக்கியம் வாக்கியமாகக் கேட்பதுதான். "புரிந்ததா?" என்று கேட்கலாகாது, மரியாதைக்காக எல்லாரும் "புரிந்தது ஐயா" என்று சொல்லிவிடுவார்கள். "இதில் என்ன சொல்லியிருக்கிறது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். "நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், டாக்டர் வைத்தியத்தை நிறுத்தமாட்டார்" என்று அந்த அம்மா தம் வாயால் சொன்னால், அந்த வாக்கியம் தேறியது. வேறு ஏதாவது சொன்னால், திருத்தி எழுதி, புதிய ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டும்.

இனி நம்மிடம் தாள் நீட்டப்படும்போது, "திருப்பி மொழிபெயர்த்தீர்களா?" என்பதோடு நின்றுவிடலாகாது. "எங்களைப் போன்றவர்களிடம் படித்துக் காட்டிக் கேட்டீர்களா? அவர்கள் சொன்னதற்காக எந்த வாக்கியத்தை மாற்றினீர்கள்?" என்றும் கேட்போம். அதற்குப் பதில் கிடைத்த பிறகு பேனாவை எடுப்போம்.